அடாப்டர் கேட்டேன், வேறு எதையோ கொடுத்தார்கள்: சார்ஜர், பிரிக், கேபிள், போர்ட் எல்லாம் எது எது?

மீனாட்சி_சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 61, டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். இத்தனை நாளும் பட்டன் போன்தான் வைத்திருந்தேன். அதன் சார்ஜர் வயரோடு சேர்ந்தே வரும், பிரிக்க முடியாது, சார்ஜர் என்ற ஒரே பெயர் போதுமாக இருந்தது.

போன வாரம் ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் மகன் புது டச் போன் அனுப்பினான். பெட்டியைத் திறந்தால் போன், ஒரு வயர், சிம் தட்டைத் திறக்கும் ஊசி, அவ்வளவுதான். வயரின் இரண்டு முனையும் ஒரே மாதிரி, சின்னதாக நீள்வட்டமாக இருக்கின்றன. சுவரில் செருகுவதற்கு ஒன்றுமே இல்லை. மகனிடம் கேட்டால் "25 வாட் பிரிக் ஒன்று வாங்கிக்கொள் அம்மா" என்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை "அடாப்டர் இருந்தால் போதும் ஆன்ட்டி" என்கிறது. கடைக்குப் போய் அடாப்டர் கேட்டேன். மூன்று தடித்த உருண்டைப் பின்களும் முன்பக்கம் இரண்டு சிறு ஓட்டைகளும் உள்ள ஒரு வெள்ளைக் கட்டியைக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் அந்த ஓட்டையில் என் வயர் எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையவில்லை. போன் இரண்டு நாளாக அணைந்து கிடக்கிறது. நான் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

சரோஜா_வெருளம்

அக்கா, பிரிக் வாங்குவதென்றால் பெரிதாக வாங்குங்கள். லோட்ஷெடிங் நேரத்தில் நான் 10000 மில்லி ஆம்பியர் மணி உள்ளது வாங்கினேன், இரண்டு தடவை போன் ஏறும். ஆனால் அதையே முதலில் ஒரு ராத்திரி முழுக்க ஏற்றி வைக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

குணா_டர்பன்

சரோஜா அக்கா, நீங்கள் சொல்வது பவர் பேங்க். அதற்குள் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் போனுக்கு ஏற்றும். மீனாட்சி அம்மாவின் மகன் சொன்ன பவர் பிரிக் வேறு. அதற்குள் எதையும் சேமித்து வைக்க முடியாது, சுவரிலிருந்து பிடுங்கிய அடுத்த நொடி அது வெறும் பிளாஸ்டிக் கட்டிதான். இரண்டு பெயரும் ஒரே மாதிரி காதில் விழுவதால் என் கடையிலும் மாற்றிக் கேட்பவர்கள் நிறைய. 14 வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன்.

மீனாட்சி அம்மா, சுவரிலிருந்து போன் வரைக்கும் கூடவே நடந்து வாருங்கள், பெயர்கள் தானாக இடத்தில் உட்காரும். நம் வீட்டு பிளக் பாயிண்டில் 230 வோல்ட் இருக்கிறது. அது நேராகப் போனுக்குப் போனால் போன் கருகிவிடும். அதை 5 வோல்ட், 9 வோல்ட் என்று சின்னதாக்கிக் கொடுக்கும் பெட்டிதான் பிரிக். இதையே நம் ஊரில் பாதிப்பேர் சார்ஜர் என்கிறார்கள், மீதிப்பேர் அடாப்டர் என்கிறார்கள், கம்பெனிக்காரர்கள் அட்டையில் பவர் அடாப்டர் என்றோ டிராவல் அடாப்டர் என்றோ அச்சடிக்கிறார்கள். மூன்றும் ஒரே சாமான். அந்தப் பெட்டியில் வயர் நுழையும் ஓட்டைதான் போர்ட். போனின் அடியில் இருக்கும் ஓட்டையும் போர்ட்தான், அதனால் யாராவது போர்ட் என்றால் எந்தப் பக்கத்துப் போர்ட் என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டையும் சேர்க்கும் வயர் கேபிள். உங்கள் பெட்டியில் வந்தது அதுதான், அதன் நீள்வட்ட முனைக்கு டைப் சி என்று பெயர்.

இப்போது அடாப்டர் என்ற சொல். இதுதான் உங்களை அலைய வைத்தது. நம் ஊரில் ஒருவர் அடாப்டர் என்று கேட்டால் மூன்று விதமான பொருளில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று, மேலே சொன்ன பிரிக். இரண்டாவது, ஒரு வகைப் பின்னை வேறு வகைத் துளைக்குப் பொருந்த வைக்கும் கட்டி. டபுள் அடாப்டர் என்று சொல்வோமே, அந்தக் குடும்பம். அதற்குள் மின்சாரம் மாறுவதே இல்லை, 230 உள்ளே போனால் 230தான் வெளியே வரும். மூன்றாவது, விரல் நுனி அளவில் ஒரு துண்டு, கேபிளின் முனை வடிவத்தை மட்டும் மாற்றுவது. உங்களுக்குக் கடைக்காரர் கொடுத்தது இரண்டாவது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது முதலாவதா மூன்றாவதா என்று எனக்குத் தெரியாது, அவர்கள் வீட்டில் பழைய பிரிக் கிடந்தால் மூன்றாவதாகவும் இருக்கலாம்.

அதனால் கடையில் அடாப்டர் என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். "போனை சுவரில் செருகி ஏற்றும் பெட்டி வேண்டும், 25 வாட், டைப் சி போர்ட் உள்ளது" என்று கேளுங்கள். கேபிளையும் கையில் கொண்டுபோய் அங்கேயே செருகிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கின கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அது தேவைப்படும்.

ரவி_பீனிக்ஸ்

குணா சொல்வதில் ஒரு திருத்தம். சார்ஜர் என்பது சுவரில் இருப்பதே இல்லை, அது போனுக்குள் இருக்கிறது. பேட்டரிக்கு எப்போது எவ்வளவு விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்ப்பது போனுக்குள் இருக்கும் சில்லுதான். வெளியே இருப்பதற்குச் சார்ஜர் என்று பெயர் வைத்ததே தப்பு.

அப்புறம், 25 வாட் வேண்டாம் அக்கா. வேகமாகத் தள்ளினால் பேட்டரி ஊதிவிடும். என் மச்சான் போன் அப்படித்தான் முதுகு பிளந்துகொண்டு வந்தது. 5 வாட் பழைய பெட்டி ஒன்று எடுங்கள், பத்து வருடம் ஓடும்.

குணா_டர்பன்

ரவி அண்ணன், முதல் பாதி முழுக்கச் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடையில் போய் "சார்ஜர் போனுக்குள் இருக்கிறது, எனக்குப் பெட்டி கொடு" என்றால் யாருக்கும் புரியாது. ஊரே சார்ஜர் என்கிறது, அப்படியே இருக்கட்டும்.

இரண்டாம் பாதியில் உங்கள் முதல் பாதியே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. அளவைப் பார்ப்பது போனுக்குள் இருக்கும் சில்லு என்றால், வெளியே இருக்கும் பெட்டி எப்படித் தள்ள முடியும்? 25 வாட் என்பது பெட்டியால் தர முடிந்த உச்சம். போன் கேட்டால் தரும், கேட்காவிட்டால் சும்மா இருக்கும். டைப் சி பெட்டி எடுத்த எடுப்பில் 5 வோல்ட்தான் கொடுக்கும். போனும் பெட்டியும் கேபிள் வழியாகப் பேசிக்கொண்ட பிறகுதான் 9 வோல்ட்டுக்கு ஏறும். பேட்டரி பாதி தாண்டினதும் போன் தானாகவே குறைத்துக் கேட்க ஆரம்பிக்கும்.

5 வாட்டின் கணக்கையும் பாருங்கள். இப்போது வரும் போன்களில் 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி சாதாரணம். அது ஏறக்குறைய 19 வாட் மணி. 5 வாட்டால் ஏற்றினால் வழியில் எதுவும் வீணாகவில்லை என்றாலே நாலு மணி நேரம், வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் ஐந்தை நெருங்கும். 25 வாட்டில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். 61 வயது அம்மா வெளியே கிளம்பும் முன் போனை ஏற்றிக்கொள்ள ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டுமா?

ரவி_பீனிக்ஸ்

மச்சான் போன் ஊதினது ஊதினதுதானே. அதற்கு என்ன சொல்கிறாய்?

குணா_டர்பன்

பார்க்காமல் காரணம் சொல்ல மாட்டேன் அண்ணன். என்னிடம் ஊதி வந்தவற்றில் பல, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே டர்பன் வெயிலில் கிடந்து ஏறினவை, தலையணைக்கு அடியில் ராத்திரி முழுக்க ஏறினவை, வயதான பேட்டரிகள். சூடுதான் பேட்டரிக்கு எதிரி. வேகமாக ஏற்றும்போது கொஞ்சம் கூடுதல் சூடு வரும் என்பதும் உண்மை, அதை மறைக்கவில்லை. அதனால் கவரைக் கழற்றிவிட்டு மேசை மேல் வைத்து ஏற்றுங்கள் என்பேன், 25 வாட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

செந்தில்_ஜோபர்க்

மதுரையிலிருந்து இங்கே வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மீனாட்சி அம்மாவுக்குக் கிடைத்த அந்த வெள்ளைக் கட்டி இல்லாமல் நான் முதல் வாரம் போனே ஏற்ற முடியாமல் இருந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த சார்ஜருக்கு இரண்டு மெல்லிய பின். வாடகை வீட்டுச் சுவரிலோ விரல் தடிமனில் மூன்று ஓட்டை. நம் ஊரில் கிரைண்டர், ஏசிக்குப் போடும் பெரிய பிளக் மாதிரி.

பிறகு ஒரு புது ஃபிளாட்டுக்கு மாறினேன். அங்கே பெரிய ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே அறுகோணமாக, சிறிய மூன்று துளை உள்ள பாயிண்டும் இருந்தது. இரண்டு மெல்லிய பின் சார்ஜர் கட்டி எதுவும் இல்லாமல் அதில் நேராக உட்கார்ந்துவிட்டது. அம்மா, உங்கள் வீட்டில் அந்த மாதிரி சிறிய பாயிண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குணா_டர்பன்

சரியாகச் சொன்னீர்கள் செந்தில். 2018 முதல் புதுசாக வயரிங் செய்யும் இடங்களில் அந்தச் சிறிய வகையும் வைக்க வேண்டும் என்று விதி வந்தது. சாட்ஸ்வர்த்தில் பழைய வீடுகள் அதிகம், அங்கே பெரிய ஓட்டை மட்டும்தான் இருக்கும். இங்கே விற்கும் பிரிக்குகளில் பெரும்பாலானவை இரண்டு மெல்லிய பின்னோடுதான் வருகின்றன, அதனால்தான் அம்மா வாங்கின கட்டி தேவைப்படும் என்றேன்.

அந்தக் கட்டியில் ஒன்றைக் கவனியுங்கள். பிரிக்கைச் செருகினதும் தன் எடையாலேயே முன்னால் சாய்ந்து தொங்கினாலோ, தொட்டால் ஆடினாலோ அது தளர்ந்த கட்டி. உள்ளே பின்னும் தகடும் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு சூடாகும், சில நாளில் ஓட்டையைச் சுற்றி பழுப்பாகும், கிர்ர் என்று சத்தம்கூட வரும். அப்படி ஆனால் உடனே மாற்றிவிடுங்கள்.

மீனாட்சி_சாட்ஸ்வர்த்

குணா தம்பி, நீங்கள் சொன்ன வாக்கியத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரப் பையன் இரண்டு பெட்டி காட்டினான், ஒன்று மலிவு, ஒன்று அதைப்போல மூன்று மடங்கு விலை. இரண்டிலும் 25 வாட் என்று முன்னால் பெரிதாகப் போட்டிருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். விலை கூடின பெட்டியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பேத்தி எழுதி எடுத்தாள்:

```
INPUT: 100-240V~ 50/60Hz
OUTPUT: 5V 3A / 9V 2.77A
PPS: 3.3-5.9V 3A / 3.3-11V 2.25A
```

மலிவான பெட்டியில் OUTPUT என்ற இடத்தில் 5V 2A என்று மட்டும் இருந்ததாம்.

குணா_டர்பன்

உங்கள் பேத்தி செய்தது பெரிய காரியம். முன்னால் இருக்கும் பெரிய எழுத்து விளம்பரம், உண்மை எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 9ஐ 2.77ஆல் பெருக்குங்கள், 24.93, அதுதான் 25. மலிவான பெட்டியில் 5ஐ 2ஆல் பெருக்கினால் 10. முன்னால் 25 என்று போட்டுவிட்டு உள்ளே 10 தருகிறது. வேறு எந்தச் சோதனையும் இல்லாமலே அது பொய் என்று தெரிந்துவிட்டது.

PPS என்ற வரியும் முக்கியம். வோல்ட்டைப் படிப்படியாக, போன் கேட்கிற துல்லியத்தில் ஏற்றி இறக்கும் வசதி அது. உங்களுடையது சாம்சங் என்றால், அந்த வரி இல்லாத பெட்டியில் 25 வாட் கிடைக்காது, 15க்குப் பக்கத்தில் நின்றுவிடும். முதல் வரியில் 100 முதல் 240 வரை என்பது உள்ளே வாங்கும் மின்சாரம், நம் 230 அதற்குள் அடங்கும். அதே பெட்டியில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருக்கும், இரட்டைக் காப்பு என்று அர்த்தம், எர்த் பின் இல்லாமல் இரண்டு பின்னோடு வருவது அதனால்தான்.

விலை கூடினதை எடுங்கள்.

ரவி_பீனிக்ஸ்

மலிவானதும் வேலை செய்யும். 10 வாட் போதாதா? பொய் எழுதினார்கள் என்பதற்காகப் போன் கெட்டுப்போகாது.

குணா_டர்பன்

10 வாட் போதும் அண்ணன், அதில் சண்டை இல்லை. முன்னால் பொய் எழுதுகிறவன் உள்ளே 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் ஒழுங்காகப் பிரித்து வைத்திருப்பான் என்று நான் எப்படி நம்புவது? அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இடைவெளி போதாத மலிவுப் பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். அது பழுதானால் போன் மட்டும் போகாது, போனைக் கையில் பிடித்திருப்பவருக்கும் ஷாக் அடிக்கும்.

மீனாட்சி_சாட்ஸ்வர்த்

விலை கூடினதையே வாங்கிவிட்டேன். பழைய வெள்ளைக் கட்டியில் செருகினேன், ஆடவில்லை, நன்றாகப் பிடித்தது. போனில் `Super fast charging` என்று வந்தது, பேத்தி கைதட்டினாள்.

ஆனால் ஒரு குழப்பம். லோட்ஷெடிங் காலத்தில் வாங்கின சின்ன எமர்ஜென்சி விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் ஓட்டையும் டைப் சிதான், போன் ஓட்டை மாதிரியே. இதே பிரிக், இதே கேபிளை அதில் செருகினால் சிவப்பு லைட்கூட எரியவில்லை. புது பிரிக் அதற்குள் கெட்டுவிட்டதா என்று பயந்து மறுபடி போனில் போட்டேன், போன் ஏறுகிறது. விளக்கு செத்துவிட்டதா?

சரோஜா_வெருளம்

என்னிடமும் அதே மாதிரி விளக்கு. நான் தூக்கிப் போட்டுவிட்டேன்.

குணா_டர்பன்

அம்மா, தூக்கிப் போடாதீர்கள். விளக்கு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

டைப் சி போர்ட் உள்ள பிரிக் சும்மா இருக்கும்போது தன் போர்ட்டில் மின்சாரமே வைத்திருக்காது. கேபிளின் அந்த முனையில் ஒரு சாதனம் இருக்கிறது என்று அடையாளம் தெரிந்தால்தான் திறக்கும். அந்த அடையாளம் சாதனத்துக்குள் இருக்க வேண்டிய இரண்டு பொடி ரெசிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 5.1 கிலோ ஓம். கடுகை விடச் சின்னது, விலையும் சில காசுதான். மலிவான விளக்கு, ஸ்பீக்கர், கைவிசிறி செய்கிறவர்கள் அதை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஓட்டை டைப் சி, ஆனால் கதவைத் தட்ட ஆள் இல்லை. பிரிக் திறக்காது.

பழைய வகைப் பிரிக், அதாவது அகலமான நீள்சதுர ஓட்டை உள்ளது, டைப் ஏ. அது இப்படி எதையும் கேட்பதில்லை. சுவரில் செருகியிருக்கும் வரை 5 வோல்ட்டை எப்போதும் வைத்திருக்கும். அந்த விளக்கு வாங்கியபோது கூடவே ஒரு குட்டி கேபிள் வந்திருக்குமே, ஒரு முனை அகலமாகவும் ஒரு முனை சின்னதாகவும். அதையும் ஒரு பழைய டைப் ஏ பிரிக்கையும் வைத்துப் பாருங்கள். ஏறும்.

செந்தில்_ஜோபர்க்

இது தெரியாமல் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கடையில் திருப்பிக் கொடுத்து மல்லுக்கட்டினேன். அவர்கள் டைப் ஏ கேபிளில் போட்டு வேலை செய்கிறது என்று காட்டினார்கள், நான் வீட்டுக்கு வந்து டைப் சியில் போட்டால் வேலை செய்யவில்லை. இப்போதுதான் காரணம் புரிகிறது. ஆனால் குணா, டைப் சியிலிருந்து டைப் ஏ ஆக்கும் துண்டு விற்கிறார்களே, நீங்கள் சொன்ன மூன்றாவது வகை அடாப்டர், அதைப் போட்டால்?

குணா_டர்பன்

பிரிக் பக்கம் டைப் ஏ ஆக இருந்து, துண்டின் மறுபக்கம் டைப் சி ஓட்டை என்றால், அம்மாவின் கேபிளை அதில் செருகி விளக்கை ஏற்றலாம், ஓடும். ஆனால் அந்த மாதிரி துண்டு யூஎஸ்பி தர விதிமுறையிலேயே அனுமதி இல்லாதது. தவறாகச் சேர்த்தால் இரண்டு பக்கமும் மின்சாரம் உள்ள போர்ட்டுகள் நேருக்கு நேர் மோதும். நான் விற்பதில்லை. தனியாக ஏ முனை, சி முனை உள்ள கேபிள் வாங்குவது சுத்தமான வழி. ஒன்று மட்டும், அந்தக் கேபிளில் போனை ஏற்றினால் 25 வாட் வராது, மெதுவாகத்தான் ஏறும். இரண்டையும் மாற்றி எடுக்காமல் இருக்க ஒன்றில் நூல் கட்டி வையுங்கள்.

சரோஜா_வெருளம்

குணா, என் போனில் கேபிள் நிற்பதே இல்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. மூன்று கேபிள் மாற்றிவிட்டேன். போர்ட் போய்விட்டதா?

குணா_டர்பன்

மூன்று கேபிளும் அதே மாதிரி என்றால் கேபிள் காரணமில்லை. கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்திருப்பீர்கள். டைப் சி ஓட்டைக்குள் பஞ்சும் தூசியும் அமுங்கி அமுங்கிக் கெட்டியாகிவிடும், கேபிள் முழுக்க உள்ளே போகாது. நல்ல போர்ட்டில் செருகினால் க்ளிக் என்று உட்காரும், முனைக்கும் போனுக்கும் இடையில் இடைவெளி தெரியாது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியின் நுனியைச் சீவி ஓரத்தில் மெதுவாக வழியுங்கள். நடுவில் நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கும், அதைத் தொடாதீர்கள், அது உடைந்தால்தான் போர்ட்டை மாற்ற வேண்டி வரும். ஊசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம்.

சரோஜா_வெருளம்

கம்பளிப் பூச்சி மாதிரி ஒரு கட்டி வந்தது!! இப்போது க்ளிக் என்கிறது. அந்த மூன்று கேபிளையும் என்ன செய்வேன்.

ரவி_பீனிக்ஸ்

நான் இன்னும் 5 வாட்தான் போடுகிறேன். ராத்திரி தூங்கும்போது மெதுவாக ஏறட்டும், எனக்கு அவசரம் இல்லை.

குணா_டர்பன்

ராத்திரி மேசை மேல் வைத்து மெதுவாக ஏற்றுவதில் தப்பே இல்லை அண்ணன்.

மீனாட்சி_சாட்ஸ்வர்த்

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பழைய அகல ஓட்டைப் பிரிக் இருந்தது, விளக்கோடு வந்த குட்டி கேபிளும் தையல் மெஷின் டிராயரில் கிடைத்தது. சிவப்பு லைட் எரிகிறது. அவன் அடாப்டர் என்று சொன்னது இந்தப் பிரிக்கைத்தானாம், நான் கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பானாம்.

ஒரே ஒரு கேள்வி குணா தம்பி. மகன் இரண்டு ஓட்டை உள்ள பிரிக் ஒன்று அனுப்புகிறேன் என்கிறான், ஒன்று டைப் சி, ஒன்று டைப் ஏ. போனையும் விளக்கையும் ஒரே நேரத்தில் போட்டால் போன் வேகமாகவே ஏறுமா?

குணா_டர்பன்

சில பிரிக்குகளில் இரண்டு ஓட்டையும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளும், விளக்கைச் செருகினதும் போன் பக்கம் 15க்கு இறங்கிவிடும். சிலவற்றில் இறங்காது. அனுப்பும் முன் பொடி எழுத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடச் சொல்லுங்கள், `C+A` என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துச் சொல்கிறேன்.